லேட் புல்டவுன்: கை ஏன் முந்திக்கொள்கிறது, எந்தப் பிடி பிடிப்பது

"மாஸ்டர், தருமபுரியில ஜிம் சேர்ந்து ரெண்டு மாசம் ஆகுது. லேட் புல்டவுன் 50 கிலோ இழுக்கிறேன். ஆனா முதுகுல ஒண்ணுமே தெரியல, கை மட்டும்தான் வலிக்குது. வைடா பிடிக்கணுமா, க்ளோஸா, ரிவர்ஸா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

தம்பி, நீளமான பாரை உள்ளங்கை வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி பிடியுங்கள். தோள் அகலத்துக்கு மேல் ஒவ்வொரு பக்கமும் நாலைந்து விரல்கடை தள்ளிக் கை இருக்கட்டும். பார் வளையும் இடத்துக்குச் சற்று உள்ளே என்று வைத்துக்கொள்ளலாம். பின்னை 50-லிருந்து எடுத்து 25-ல் குத்துங்கள். இரண்டு மாதத்துக்கு இந்த ஒரு பிடியே போதும். ஆனால் பிடியை மட்டும் மாற்றிவிட்டு இப்போது இழுக்கிற மாதிரியே இழுத்தால் எதுவும் மாறாது. அதனால் கை ஏன் முந்துகிறது என்பதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன். கிருஷ்ணகிரியில் பதினோரு வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன், இந்த மெஷினில் நான் அதிகமாகத் திருத்தியது இந்த ஒரு தப்பைத்தான்.

நாம் விங்ஸ் என்று சொல்கிற லேட்ஸ், இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலும் கீழ்முதுகிலும் தொடங்கி, விசிறி மாதிரி ஒடுங்கி மேலே ஏறி, அக்குளைத் தாண்டி மேல்கை எலும்பின் முன்பக்கத்தில் போய் ஒட்டுகிறது. அதோடு அதன் எல்லை முடிந்தது. முழங்கையை அது தாண்டுவதே இல்லை. முன்கை, மணிக்கட்டு, விரல் எதோடும் அதற்குத் தொடர்பு கிடையாது. மேலே தூக்கியிருக்கிற மேல்கையைக் கீழே, உடம்பை நோக்கிக் கொண்டுவருவதுதான் இந்தப் பயிற்சியில் அதன் வேலை. பைசெப்ஸ் அப்படி இல்லை. அது முழங்கையைத் தாண்டி முன்கையில் ஒட்டுவதால், முழங்கையை மடக்குகிற வேலை அதனுடையது.

இதைக் கேட்டதும் பலரும் "அப்ப கையை மடக்கவே கூடாதா?" என்பார்கள். "கையை யூஸ் பண்ணாதே" என்று கத்துகிற மாஸ்டர்களும் உண்டு. அது நடக்கிற காரியம் இல்லை. பார் தலைக்கு மேலிருந்து நெஞ்சுக்கு வரவேண்டுமென்றால் முழங்கை மடங்கியே ஆகவேண்டும், பைசெப்ஸ் ஓரளவு வேலை செய்தே தீரும். அந்த ஓரளவு எவ்வளவு என்பதுதான் விஷயம். அதைத் தீர்மானிப்பது உங்கள் முன்கை நிற்கிற சாய்வு.

கேபிள் உங்கள் கையை நேராக மேலே இழுக்கிறது. முஷ்டிக்கு நேர் கீழே முழங்கை இருந்தால், அந்த இழுவிசை முழங்கை மூட்டின் வழியாகவே போய்விடும். முன்கை வெறும் கயிறு மாதிரி விறைத்து நிற்கும், முழங்கையைத் திறக்கவோ மூடவோ அந்த எடைக்கு வழியில்லை. பைசெப்ஸுக்குப் பெரிய சுமை வராது. இப்போது அதே கை, முழங்கை முன்னால் தூக்கியபடி நிற்க, முஷ்டி மட்டும் தோளை நோக்கி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கை பின்னால் சாய்ந்துவிட்டது. இப்போது மேலே இழுக்கிற எடை உங்கள் முழங்கையை நிமிர்த்தப் பார்க்கும். அதை நிமிரவிடாமல் பிடித்து வைக்க பைசெப்ஸ் மல்லுக்கட்ட வேண்டும். அதாவது நீங்கள் உட்கார்ந்துகொண்டு கர்ல் அடிக்கிறீர்கள்.

உங்கள் 50 கிலோவையே கணக்குப் போடுவோம். இரண்டு கைக்கும் பிரித்தால் கைக்கு 25. முன்கை செங்குத்திலிருந்து 30 டிகிரி தோள் பக்கம் சாய்ந்தால், முழங்கை மூட்டில் விழுகிற சுமை, முன்கையைப் படுக்கையாக வைத்து 12.5 கிலோ டம்பெல்லைப் பிடித்திருப்பதற்குச் சமம். சேர்ந்து இரண்டு மாதம் ஆனவர் ஒரு கையில் 12.5 கிலோவை ஒழுங்காகப் பத்து முறை கர்ல் செய்வது கஷ்டம். அதனால்தான் எட்டாவது ரெப்பில் கை விட்டுப்போகிறது. முதுகு களைப்படையும் முன்பே செட் முடிந்துவிடுகிறது.

இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. முதுகுக்கு எவ்வளவு சுமை போகிறது என்பது, தோள் மூட்டிலிருந்து முஷ்டி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. முஷ்டி தோளுக்கு அருகில் வரவர லேட்ஸின் மீதான சுமை குறைந்துகொண்டே வரும். ஆக, முழங்கையை முன்னால் விட்டுவிட்டு முஷ்டியை மட்டும் தோளுக்கு இழுப்பவருக்கு இரண்டும் சேர்ந்து நடக்கிறது: பைசெப்ஸ் சுமை ஏறுகிறது, முதுகின் சுமை இறங்குகிறது. "முதுகுல தெரியல" என்று நீங்கள் சொல்வது மனப்பிரமை இல்லை. நிஜமாகவே முதுகுக்கு வேலை குறைவாகத்தான் போகிறது.

இன்னொரு தப்பு இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நடக்கும். எடை அதிகமாக இருந்தால், பார் தாடைக்கு வந்ததும் அதற்கு மேல் இறங்காது. உடனே முழங்கை பின்னால், மேலே கிளம்பும், தோள் முன்னால் உருளும், மணிக்கட்டு மடங்கும், ஆள் பாரைக் கீழே அமுக்க ஆரம்பிப்பார். இதில் கடைசிப் பகுதியை டிரைசெப்ஸும் மார்பும் தோளின் முன்பக்கமும் எடுத்துக்கொள்கின்றன. முதல் தப்பைச் சுருட்டல் என்றும் இதை அமுக்கல் என்றும் என் பசங்களிடம் சொல்வேன். 50 கிலோவில் இரண்டும் ஒரே ரெப்பில் அடுத்தடுத்து நடப்பதைப் பார்த்திருக்கிறேன். மேல்பாதி சுருட்டல், கீழ்ப்பாதி அமுக்கல், முதுகுக்கு நடுவில் ஒரு சின்ன இடம்.

இனி பிடிகளை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

ரிவர்ஸ் பிடியில், அதாவது உள்ளங்கை முகத்தைப் பார்க்கும் பிடியில், பைசெப்ஸ் தன் முழு பலத்தோடு இழுக்கக்கூடிய நிலையில் இருக்கிறது. முழங்கையும் உடம்புக்கு முன்னால்தான் நிற்கும், முஷ்டி தோளுக்கு வர வழி திறந்தே கிடக்கும். அனுபவசாலி அந்தப் பிடியிலும் முழங்கையைக் கீழே கொண்டுபோய் முதுகுக்கு நல்ல வேலை கொடுப்பார். புதியவர் சுருட்டிவிடுவார். 2010-ல் வந்த ஓர் ஆய்வில் தசையின் மின்செயல்பாட்டை அளந்து பார்த்தபோது, உள்ளங்கை வெளியே பார்க்கும் பிடியில்தான் லேட்ஸ் கூடுதலாக வேலை செய்தது. பைசெப்ஸ் அளவில் பிடியால் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அங்கே இழுத்தவர்கள் சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காக இழுத்தவர்கள். புதியவரின் சிக்கல் அந்த ஒழுங்கு இன்னும் வராததுதான்.

வி ஹேண்டில் போட்டு நெருக்கிப் பிடிக்கிற பிடி மணிக்கட்டுக்கு இதமாக இருக்கும், தோளுக்கும் சௌகரியம். அதிலும் முழங்கை முன்னால்தான் வரும் என்பதால் சுருட்டுகிற ஆசை கொஞ்சம் இருக்கும். கீழே வரும்போது பின்னால் சாய்ந்து ரோயிங் ஆக்கிவிடுகிற பழக்கமும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் கெட்ட பிடி இல்லை, பிறகு வருகிறேன்.

வைட் கிரிப்தான் நம் ஊரில் எல்லோரும் முதலில் சொல்வது. பாரின் கடைசி முனையைப் பிடித்தால்தான் விங்ஸ் அகலமாகும் என்று. கை தோளிலிருந்து தள்ளிப் போவதால் முதுகின் சுமை கூடுவது உண்மை. அதனாலேயே தூக்கும் எடையும் குறைந்துவிடும், இறங்கும் தூரமும் குறையும். 2014-ல் நார்வேயில் தோள் அகலத்தின் ஒரு மடங்கு, ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று மூன்று அகலத்தில் பழகியவர்களை இழுக்கச் செய்து அளந்தார்கள். லேட்ஸின் வேலை மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான். அகலப் பிடியில் தூக்கிய எடை மட்டும் சற்றுக் குறைவு. ஆக, அகலத்தில் பெரிய மாயம் எதுவும் இல்லை.

ஆரம்பத்தில் நான் சொன்ன நாலைந்து விரல்கடை கிட்டத்தட்ட இந்த ஒன்றரை மடங்குதான். அதை நான் சொல்வது வேறு காரணத்துக்காக. அந்த அகலத்தில் பார் தாடைக்கு வரும்போது, முன்னாலிருந்து பார்த்தாலும் பக்கத்திலிருந்து பார்த்தாலும் முன்கை செங்குத்தாக நிற்பது சுலபம். நீளப் பாரை மிகவும் நெருக்கி, உள்ளங்கை வெளியே பார்க்கப் பிடித்தால் முஷ்டி முழங்கைக்கு உள்ளே வந்துவிடும், மறுபடி பைசெப்ஸ் சுமை ஏறும். ஒன்றரை மடங்கில் தப்பு செய்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆரம்பத்தில் அதுதான் வேண்டும்.

ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம், 62 கிலோ எடை, மாங்கூழ் தொழிற்சாலையில் சீசன் வேலை. ஜூன், ஜூலையில் பெங்களூரா மாங்காய் லோடு லோடாக வந்து இறங்கும்போது நாள் முழுக்க பிளாஸ்டிக் கிரேட் தூக்குவான். முழங்கையை மடக்கி, கிரேட்டை வயிற்றோடு அணைத்து, முன்கை விறைக்க நடக்கிற வேலை அது. அவன் கை எந்த எடையைப் பார்த்தாலும் முதலில் மடங்கும், முதலில் இறுக்கும். ஜிம்முக்கு வந்த இரண்டாவது வாரமே 55 கிலோ இழுத்தான், பார்க்கிறவர்கள் பாராட்டினார்கள். எனக்கு அவனுடைய முன்கைதான் கண்ணில் பட்டது. பார் நெற்றிக்கு வரும்போதே முழங்கை முழுக்க மடங்கி, முஷ்டி காதோரம் நின்றது. முழங்கை இன்னும் தோள் உயரத்திலேயே முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

பின்னை 25-க்குக் கொண்டுவந்தேன். முகம் சுண்டிப்போனது, ஆனால் கேட்டுக்கொண்டான். முதலில் தொடை பேடை இறக்கித் தொடையோடு ஒட்ட வைத்தேன். அது தளர்வாக இருந்தால் உடம்பு மேலே எழும்பும், எழும்பிய உடம்பு பின்னால் சாயும், அப்புறம் எந்தப் பிடியும் உதவாது. பிறகு கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்து பாரின் மேலேயே வைக்கச் சொன்னேன். பாரைக் கசக்கிப் பிடிக்கிறபோது முன்கையும் பைசெப்ஸும் தானாக விறைக்கும். கட்டை விரலை எடுத்துவிட்டால் விரல்கள் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும், கசக்குவதற்கு இடமில்லை. 25 கிலோவில் இது பயமில்லாமல் செய்யலாம்.

அடுத்து, கையை மடக்காமல் தோளை மட்டும் இறக்கச் சொன்னேன். மேலே கை நீட்டியிருக்கும்போது தோள் காதைத் தொட்டுக்கொண்டிருக்கும். முழங்கையை மடக்காமல், தோளைக் காதிலிருந்து கீழே இறக்கினால் பார் இரண்டு அங்குலம் வரும், அடுக்கில் பிளேட் கொஞ்சமே எழும்பும். அவ்வளவுதான் அசைவு. அவனால் முதல் நாள் நாலு முறைகூட முடியவில்லை, ஒவ்வொரு முறையும் முழங்கை மடங்கிவிட்டது. மூன்றாவது நாள் எட்டு முறை வந்தது. இந்த எட்டு முறையை ஒவ்வொரு நாளும் செட்டுக்கு முன்னால் செய்ய வைத்தேன்.

அதன்பிறகுதான் முழு ரெப். நான் பக்கத்தில் நின்று அவன் முழங்கைக்குக் கீழே என் உள்ளங்கையை வைத்தேன். "பாரை மறந்துடு, என் கையை அமுக்கு" என்றேன். அவன் முழங்கையால் என் கையை அமுக்கினான், பார் தானாகக் கூட வந்தது. முன்கை செங்குத்தாகவே இறங்கியது. அவனிடம் எத்தனை நாள் "முதுகால இழு" என்று சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது, ஏனென்றால் முதுகு எங்கே இருக்கிறது என்று அவனுக்கு அதுவரை தெரியாது. முழங்கை எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

சொல்லிக்கொடுப்பதால் உண்மையிலேயே தசை மாறி வேலை செய்யுமா என்று சந்தேகம் வரலாம். 2009-ல் ஸ்னைடர், லீச் என்ற இருவர் இதே லேட் புல்டவுனில் பார்த்தார்கள். எடைப் பயிற்சிப் பழக்கம் இல்லாத பெண்களை முதலில் பொதுவாகச் சொல்லி இழுக்க வைத்தார்கள், பிறகு கையைத் தளர்த்தி முதுகால் இழுப்பது எப்படி என்று விளக்கி இழுக்க வைத்தார்கள். விளக்கிய பிறகு லேட்ஸின் செயல்பாடு கூடியது. கவனிக்க வேண்டியது அவர்கள் வைத்த எடை: அந்தப் பெண்களால் ஒருமுறை இழுக்க முடிகிற அதிகபட்சத்தில் வெறும் 30 சதவீதம். நான் உங்கள் 50-ஐ 25 ஆக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அதிக எடை தலைக்கு மேல் தொங்கும்போது உடம்பு பழக்கப்பட்ட வழியைத்தான் பிடிக்கும், புது வழி கற்காது.

அந்தப் பையனுக்கு மூன்றாவது வாரம் 30 கிலோவில் 12 ரெப் சுத்தமாக வந்தது. ஆறாவது வாரம் 40-ல் 10. ஒருநாள் வந்து, "காலையில தலைக்குத் தண்ணி ஊத்த கை தூக்கினா அக்குளுக்குக் கீழ, விலாப்பக்கம் பிடிக்குது மாஸ்டர்" என்றான். லேட்ஸின் இடம் அதுதான். முன்பெல்லாம் அவனுக்கு வலித்தது முழங்கை மடிப்பிலும் முன்கையிலும். வலி வந்தால்தான் பயிற்சி என்று நான் சொல்ல வரவில்லை, இரண்டு வாரத்தில் அந்த வலியும் நின்றுவிடும். எந்த இடம் என்பதுதான் அடையாளம்.

உங்களுக்குப் பக்கத்தில் நின்று கை வைக்க ஆள் இல்லாவிட்டால் போனை வைத்துக்கொள்ளுங்கள். பெஞ்சுக்குப் பக்கவாட்டில், தோள் உயரத்தில் போனை நிறுத்தி ஒரு செட்டை வீடியோ எடுங்கள். பார் கண்ணுக்கு நேராக வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். முஷ்டியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுத்தால் அது முழங்கையைத் தொடவேண்டும். முழங்கை கோட்டுக்கு முன்னால், மெஷின் பக்கம் தள்ளி நின்றால் சுருட்டுகிறீர்கள். அடுத்து, பார் காறை எலும்புக்கு வந்த இடத்தில் நிறுத்துங்கள். முழங்கை கோட்டுக்குப் பின்னால் போய், தோள் முன்னால் உருண்டிருந்தால் அமுக்குகிறீர்கள். உடம்பு லேசாக, பத்துப் பதினைந்து டிகிரி பின்னால் சாய்ந்திருக்கலாம், பார் முகத்தில் இடிக்காமல் இறங்க அது வேண்டும். ஆனால் செட் முழுக்க அந்தச் சாய்வு மாறக்கூடாது.

எடை சரியா என்று பார்க்க இன்னும் எளிய வழி, பாரை மேல் மார்புக்குக் கொண்டுவந்து இரண்டு விநாடி நிறுத்துவது. நிற்காமல் மேலே ஓடினால் அது உங்கள் முதுகின் எடை இல்லை, வீச்சில் வந்த எடை. மேலே விடும்போது மூன்று விநாடி எடுத்துக்கொள்ளுங்கள், கடைசியில் கை முழுக்க நீளட்டும். இன்னொன்று, பிளேட்டில் இருக்கிற எண்ணை ஒரு ஜிம்மிலிருந்து இன்னொரு ஜிம்முக்குக் கொண்டுபோகாதீர்கள். கப்பி அமைப்பைப் பொறுத்து ஒரே 40, ஒரு மெஷினில் லேசாகவும் இன்னொன்றில் கனமாகவும் இருக்கும்.

பிடரிக்குப் பின்னால் இழுக்கிற பழக்கம் உங்கள் ஜிம்மில் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். தலையைக் குனிந்து, தோளை எல்லைவரை பின்னால் திருப்பித்தான் அதைச் செய்ய முடியும். அதனால் முதுகுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

ஒரு விதிவிலக்கு சொல்லவேண்டும். சுவரில் முதுகை ஒட்டி நின்று இரண்டு கையையும் நேராக மேலே தூக்குங்கள். கீழ்முதுகு வளையாமல் கை காதோரம் வரவில்லை என்றால், உங்கள் தோள் இன்னும் நீளப் பாருக்குத் தயாராகவில்லை. நாளெல்லாம் தையல் மெஷினிலோ ஸ்டியரிங்கிலோ குனிந்திருப்பவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். அப்படி இருந்தால் வி ஹேண்டிலில், உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்க, இதே 25 கிலோவில் தொடங்குங்கள். முழங்கைக் கோடு, தோள் இறக்குவது எல்லாம் அதே விதிதான். தோளின் முன்பக்கம் சுருக்கென்று குத்தினாலோ கை மரத்தாலோ பிடியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றபடி, 40 கிலோவில் பத்து ரெப், ஒவ்வொன்றும் கீழே இரண்டு விநாடி நின்று, வீடியோவில் முழங்கை கோட்டிலேயே இருக்கிறது என்றால் அன்றைக்கு வி ஹேண்டிலை இரண்டாவது பயிற்சியாகச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கடுத்த மாதம் ரிவர்ஸ் பிடியையும். அவற்றில் முதல் நாளே ஐந்து கிலோ கூடுதலாக இழுக்க வரும். பைசெப்ஸ் கூடுதலாகக் கைகொடுப்பதால் வருகிற ஐந்து கிலோ அது. அதை நோட்டில் தனி வரியில் எழுதுங்கள், நீளப் பாரின் கணக்கோடு சேர்க்காதீர்கள்.